மழை ஜாக்கெட்: தையல் பட்டையும் ஜிப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். இங்கே 'ஜாக்கெட்' என்றால் பாதிப் பேர் ரவிக்கையை நினைத்துக்கொள்வார்கள். நான் எழுதுவது மழைக்குப் போடும் ஜாக்கெட்டைப் பற்றி. ஜூன் பிறந்தால் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலிருந்தும், ஐப்பசியில் கோத்தகிரிப் பக்கத்திலிருந்தும் நனைந்த ஜாக்கெட்டுகள் வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கையில் ஊசியோடு பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இங்கே எழுதி வைக்கிறேன்.

துணியில் தண்ணீர் புகாது என்று சொல்லித்தான் விற்றார்கள். பிறகு எப்படி உள்ளே நனைகிறது?

துணியில் புகவில்லை. அந்தத் துணியைச் சட்டையாக்குவதற்கு நாங்கள் குத்திய துளைகளில் புகுந்தது. நான் இதற்குப் பயன்படுத்துவது 14ஆம் எண் ஊசி. அதன் தடிமன் 0.9 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று தையல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைகள், அக்குள், தோள், பக்கவாட்டு, தலைமூடி, ஜிப்பின் இரு ஓரங்கள் எல்லாம் சேர்த்தால் ஒரு ஜாக்கெட்டில் ஆறு மீட்டர் தையல் எளிதாக வந்துவிடும். கணக்குப் போட்டால் 1,800 துளைகள். அழகுக்காக மேலே இன்னொரு வரி ஓட்டியிருந்தால் அது இரட்டிப்பு.

நூல் துளையை அடைத்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். ஓரளவு அடைக்கும், ஆனால் அந்த நூலே திரியாகவும் வேலை செய்கிறது. விளக்கில் எண்ணெய் ஏறுவதைப் போல, நூலின் இழைகளுக்கு நடுவே நீர் ஏறி உள்பக்கம் வந்து நிற்கும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாமல், அரை மணி கழித்துத் தோளில் சில்லென்று படுவது இதனால்தான்.

லேபிளில் 10,000 மி.மீ. என்று போட்டிருக்கிறது. அவ்வளவு இருந்தும் போதாதா?

அந்த எண் துணிக்கு உரியது, ஜாக்கெட்டுக்கு அல்ல. தைக்காத ஒரு துண்டுத் துணியை இறுக்கிப் பிடித்து, அதன்மேல் நீரின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். மறுபக்கத்தில் மூன்றாவது இடத்தில் நீர் எட்டிப்பார்க்கும்போது இருக்கும் அழுத்தமே அந்த எண். 10,000 மில்லிமீட்டர் என்றால் பத்து மீட்டர் உயர நீரைத் தாங்கியது என்று பொருள். நம் ஊர் மழைக்கு அது தாராளம்.

பட்டை ஒட்டாத ஊசித் துளைக்கோ சில சென்டிமீட்டர் நீர் தேங்கினாலே போதும். பத்து மீட்டர் தாங்கும் சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை அப்படியே விட்டதுபோலத்தான். ஆகவே 10,000 போட்ட ஜாக்கெட்டுக்கும் 20,000 போட்டதற்கும் இடையில் தடுமாறுகிறவர்களிடம், எண்ணை விட்டுவிட்டு உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று சொல்வேன்.

உள்பக்கத்தில் தையல்மேல் ஒட்டியிருக்கும் அந்த வழவழப்பான பட்டை என்ன?

அதைத்தான் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பெரும்பாலும் 20 முதல் 22 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். விலை கூடிய ஜாக்கெட்டுகளில் இன்னும் குறுகலாக இருக்கலாம். மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம், கீழே சூட்டில் உருகும் பசை. தொழிற்சாலையில் இதற்கென்று தனி இயந்திரம் உண்டு. ஒரு குழாய் வழியாக வெப்பக் காற்று பசையை உருக்கும், அந்த நொடியிலேயே இரண்டு உருளைகள் பட்டையைத் தையலோடு சேர்த்து அழுத்தும். பசை தையல் மேட்டின் இரு பக்கமும் இறங்கித் துளைகளை மூடிவிடும்.

ஒட்டியவரின் கைவேகமும் சூடும் சரியாக இருந்தால், துணி பழசாகும்வரைகூட அது உரியாது. சூடு குறைந்தால் ஓரம் நகத்துக்கு எழும்பும். சூடு மிஞ்சினால் பட்டை சுருங்கிக் கொப்புளம் தட்டும். இரண்டையும் கண்ணால் பார்க்கலாம்.

'ஃபுல்லி டேப்டு' என்று ஒன்றில் இருக்கிறது, 'கிரிட்டிக்கலி டேப்டு' என்று இன்னொன்றில். விலை பாதி. எதை வாங்குவது?

முதலாவதில் எல்லாத் தையலுக்கும் பட்டை உண்டு. இரண்டாவதில் தோள், கழுத்து, தலைமூடி என்று மழை நேராக விழும் இடங்களுக்கு மட்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை நடப்பவருக்கு இரண்டாவதே போதும், வீண் செலவு வேண்டாம். நீலகிரியின் மேற்குச் சரிவில் மழை மேலிருந்து மட்டும் விழுவதில்லை. காற்றோடு பக்கவாட்டில் வரும், வண்டியில் போனால் முன்னாலிருந்து வரும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர் கைத்தையலுக்கும் பக்கத்தையலுக்கும் பட்டை இல்லாததை வாங்கவே கூடாது.

கடையில் நின்றபடியே பார்க்க ஒரு வழி. கையை உள்பக்கம் வெளியே வருமாறு இழுத்து அக்குளைப் பாருங்கள். கையின் தையல், உடலின் பக்கத்தையல், தோளைச் சுற்றி வரும் தையல் எல்லாம் அங்கே சந்திக்கின்றன. பட்டைமேல் பட்டை ஏறும் இடத்தில் ஒரு சிறு படி உண்டாகும். அந்தப் படிக்கு அடியில் ஊசிமுனை அளவு சுரங்கம் மிஞ்சினாலும் நீர் அதைக் கண்டுபிடித்துவிடும். அக்கறையுள்ள தயாரிப்பாளர் அந்தச் சந்திப்பில் காசு அளவு வட்டத்துண்டு ஒன்றைத் தனியாக ஒட்டியிருப்பார். வலை லைனிங் இருந்தால் அதன் வழியாகவே பட்டை தெரியும். முழு லைனிங் இருந்தால் துணியோடு சேர்த்துத் தையலைக் கிள்ளிப் பாருங்கள். விறைப்பான நாடா கையில் அகப்பட வேண்டும்.

ரப்பர் பூசியதுபோல் வழவழப்பான ஜிப். வாட்டர்ப்ரூஃப் ஜிப் என்று கடைக்காரர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. அது சாதாரண நைலான் ஜிப்பைத் திருப்பிப் போட்டது. பற்கள் உள்பக்கம் போய்விடும். வெளிப்பக்கத்தில் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, அதன் இரண்டு விளிம்புகளும் மூடிய உதடுகளைப் போல நடுவில் சேரும்படி வெட்டியிருப்பார்கள். இரண்டு உதடுகளுக்கு இடையே ஒட்டு எதுவும் இல்லை, உரசிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். தூறலும் சாதாரண மழையும் வழிந்துவிடும். ஒரே இடத்தில் நீர் தேங்கினாலோ காற்று அழுத்தினாலோ உதடு வழிவிடும். இப்படிப்பட்ட 'அக்வாகார்டு' ஜிப்பைச் செய்யும் ஒய்.கே.கே. நிறுவனமே அதை நீரை விலக்கும் ஜிப் என்றுதான் சொல்கிறது, நீர் புகாதது என்று சொல்வதில்லை. அந்தச் சொல் கடைக்கு வரும் வழியில் மாறிவிடுகிறது.

உண்மையிலேயே நீர் புகாத ஜிப்பும் உண்டு. கடலில் முழு உடலையும் மூடிக்கொண்டு இறங்குகிறவர்களின் உடைகளில் இருக்கும். விறைப்பானது, இழுக்கப் பலம் வேண்டும், அவ்வப்போது மெழுகு தடவ வேண்டும், விலையும் அதிகம். மழை ஜாக்கெட்டில் யாரும் வைப்பதில்லை.

வழவழ ஜிப்பில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, மேல்முனை. ரன்னர் நிற்கும் இடத்தில் உதடுகள் பிளந்தே இருக்கும். அதை மறைக்கத் தாடைக்குக் கீழே ஒரு குட்டிப் பை போல மடிப்பு வைத்திருக்க வேண்டும். இரண்டு, ஜிப்பைத் துணியோடு தைத்த வரி. ஜிப் எவ்வளவு நல்லதானாலும் அந்த வரிக்கு உள்பக்கம் பட்டை இல்லையென்றால் முதல் கேள்வியில் சொன்ன கதைதான். மூன்று, உதடுகளின் விளிம்பு. ரன்னர் ஆயிரம் முறை ஏறி இறங்கியதும் படலம் அங்கேதான் வெடிக்கும், சுருளும். சுருண்ட ஜிப்பில் எந்தப் பூச்சும் நிற்காது, நான் முயன்று பார்த்துவிட்டேன்.

ஜிப்புக்கு மேலே மடிப்புத் துணியும் டிச் பட்டனும் வைத்தது பழைய மாதிரியாகத் தெரிகிறதே, அதுவா நல்லது?

எங்கள் மலைக்கு அதுதான் நல்லது என்பது என் கட்சி. சாதாரண ஜிப், வெளியே ஒரு மடிப்பு, உள்ளே இன்னொரு மடிப்பு. இந்த மூன்றும் இருக்கும் ஜாக்கெட், மடிப்பே இல்லாத வழவழ ஜிப் ஜாக்கெட்டைவிட அதிக நேரம் நெஞ்சை உலர்வாக வைத்திருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வெளி மடிப்பு மழையை ஜிப்பில் படவிடாமல் தடுக்கிறது. மீறி வந்ததை உள் மடிப்பு பிடித்துக் கீழே விடுகிறது.

உள் மடிப்பு தட்டையாக இருந்தால் பாதிப் பயன்தான். அதன் ஓரம் திரும்பவும் மடங்கி, ஓட்டு வீட்டின் கூரைத் தகரத்தில் நீர் ஓடும் வாய்க்காலைப் போலக் குழிவாக இருக்க வேண்டும். ஜிப்பைத் தாண்டிய நீர் அந்தக் குழியில் இறங்கி அடி விளிம்பில் சொட்டிவிடும். இந்த ஒரு மடிப்பை மிச்சப்படுத்தித்தான் பல ஜாக்கெட்டுகள் எடை குறைந்தவை என்று பெயர் வாங்குகின்றன.

கூடலூரிலிருந்து ஸ்கூட்டரில் ஊட்டி வந்து சேர்வதற்குள் நெஞ்சில் ஒரு கோடு, மடி முழுக்க ஈரம். ஜாக்கெட்டில் பட்டை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. எங்கேதான் ஒழுகுகிறது?

போன ஆடியில் ஒருவர் இதே கேள்வியோடு வந்தார். ஐம்பது கிலோமீட்டர் சாலை, நடுவட்டம்வரை காற்றும் மழையும் எதிரே. ஜாக்கெட் வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. மடிப்பில்லாத வழவழ ஜிப், எல்லாத் தையலுக்கும் பட்டை. பார்த்தால் எனக்கும் குற்றம் தெரியவில்லை. விட்டுப்போகச் சொன்னேன்.

முதலில் ஜாக்கெட்டுக்குள் பழைய செய்தித்தாளைப் பந்து பந்தாக அடைத்து, ஜிப்பை மூடி, பின்கட்டில் ஹேங்கரில் தொங்கவிட்டேன். கை உயரத்திலிருந்து குவளைக் குவளையாக நெஞ்சின்மேல் பத்து நிமிடம் ஊற்றினேன். தாளை எடுத்துப் பார்த்தால் ஜிப்புக்கு நேர்கீழே மெல்லிய ஈரக்கோடு இருந்தது. தோள் பக்கத்துத் தாள் முறுமுறுவென்று உலர்வாகவே இருந்தது. நெஞ்சுக் கோட்டுக்குக் காரணம் ஜிப்பின் உதடுகள்தான், உள்ளே மடிப்பும் இல்லை.

மடி ஈரத்துக்கு இந்தச் சோதனை உதவவில்லை, ஏனென்றால் தொங்கும் ஜாக்கெட்டில் மடி கிடையாது. ஒரு நாற்காலியில் அதை உட்கார்ந்த ஆள்போல மடக்கி வைத்தேன். தொடைகளுக்கு நடுவே துணி தானாகக் குழிந்தது, அந்தக் குழியின் அடியில் ஜிப்பின் கீழ்முனை. அரைக் குவளை நீர் ஊற்றினேன். இரண்டு விரற்கடை ஆழக் குட்டை நின்றது. நான்கு நிமிடத்தில் உள்பக்கம் முத்துமுத்தாகச் சொட்டத் தொடங்கியது. அது இரண்டு ரன்னர் உள்ள ஜிப், கீழிருந்தும் திறக்கலாம். கீழ் ரன்னரின் வயிற்றில் உதடுகள் பிளந்து நிற்கின்றன. குட்டை நேரே அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. நின்றுகொண்டு நனைகிறவருக்கு இந்தக் குறை வாழ்நாளில் தெரியாது, வண்டி ஓட்டுகிறவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் இருந்தது. லைனிங் துணி அடி விளிம்புவரை இறங்கியிருந்தது. விளிம்பில் வழிந்த நீரை அது உறிஞ்சி நான்கு விரல் உயரத்துக்கு மேலே ஏற்றிவிட்டது. அதில் பட்டைக்கும் ஜிப்புக்கும் பங்கில்லை. லைனிங்கை விளிம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர் மேலே வெட்டி, அந்த இடத்தில் பிளாஸ்டிக் பூசிய நைலான் பட்டி வைத்துவிட்டால் நின்றுவிடும்.

ஜிப்பை மாற்றவில்லை. ஒரு பக்கத்து ஜிப் தையலை மட்டும் பிரித்து, அடியில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் குழி மடிப்பு ஒன்றைச் செருகினேன். மோட்டாரை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பழைய துளைகளிலேயே ஊசி இறங்கும்படி தைத்தேன். புதுத் துளை ஒன்று விழுந்தாலும் அதற்கும் பட்டை வேண்டுமே. பிறகு உள்பக்கம் இஸ்திரிப் பட்டை ஒட்டினேன். கீழ் ரன்னரை மேலே ஏறாதபடி நிறுத்தி, குட்டை நிற்கும் இடத்தைத் தாண்டி ஒரு கை அகல மடிப்பை டிச் பட்டனோடு வைத்தேன். அடுத்த வாரம் அவர் நெஞ்சு உலர்வாக வந்தார். மடியில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது. மழைக்குப் போடும் கால்சட்டையை ஜாக்கெட்டுக்கு வெளியே இழுத்துவிட்டிருந்தார். ஜாக்கெட் வெளியே, கால்சட்டை உள்ளே என்று சொன்னேன். வழிந்து இறங்கும் நீருக்குக் கீழே இருப்பது ஒருபோதும் வாய் திறந்து நிற்கக் கூடாது.

உள்ளே ஈரமாக இருப்பது மழையா, என் வேர்வையா? எப்படித் தெரிந்துகொள்வது?

மேலே சொன்னவரின் நெஞ்சில் இருந்தது கோடு. ஒழுகல் எப்போதும் கோடாகவோ புள்ளியாகவோ தொடங்கும், தையலையோ ஜிப்பையோ ஒட்டியே இருக்கும். வேர்வை பரவலாக வரும். முதுகு, முன்கை, பையின் வார் படும் தோள் என்று உடம்பு சூடாகும் இடமெல்லாம் பனி பூத்ததுபோல் ஒரே சீராக இருக்கும். பட்டைமேல் மட்டும் துளிகள் நின்றால் அதைப் பார்த்து ஒழுகல் என்று முடிவு கட்டாதீர்கள். பட்டை வழியாக ஆவி வெளியேறாது, ஆகவே வேர்வை அங்கேதான் முதலில் குளிர்ந்து துளியாகும்.

காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும் நாளில் எவ்வளவு விலை கொடுத்த ஜாக்கெட்டும் வேர்வையை மெதுவாகத்தான் வெளியே விடும். மேல்துணி நீரை விலக்காமல் கறுத்து ஊறிப்போனால் இன்னும் மோசம். அப்போது மிதமான சோப்பில் துவைத்து நன்றாக அலசி, லேபிள் அனுமதித்தால் துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி செய்யுங்கள். துளிகள் மறுபடி உருண்டு ஓடும். தலைமூடிக்கு இது அடிக்கடி தேவைப்படும், நம் தலையின் தேங்காய் எண்ணெய் முதலில் கெடுப்பது அதைத்தான்.

பட்டை உரிகிறது. இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஒட்டிக்கொள்ளுமா?

எது உரிகிறது என்பதைப் பொறுத்தது. பட்டையின் ஓரம் மட்டும் எழும்பி, அடியில் துணியின் பூச்சு வழவழப்பாக இருந்தால் ஒட்டும். அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, முழுக்க உலரவிட்டு, மேலே பருத்தித் துணி போட்டு, மிதமான சூட்டில் ஐந்தைந்து நொடியாக அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். ஆறும்வரை ஒரு தடிப் புத்தகத்தை வைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது இழுத்துப் பார்க்கும் ஆசையால்தான் பாதி வேலை கெடுகிறது.

பட்டையோடு வெள்ளைச் செதில்களும் உதிர்ந்து, துணி கையில் பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்தால் போயிற்று. துணியின் பூச்சே ஈரத்தில் சிதைந்துவிட்டது. சிதைந்த பூச்சின்மேல் எதை ஒட்டினாலும் பூச்சோடு சேர்ந்து வந்துவிடும். ஈரமாகவே சுருட்டிப் பையில் திணித்து, அடுத்த மழைக்கு எடுக்கிறவர்களின் ஜாக்கெட்டுகளுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. அதேபோல, வெயிலே இல்லை என்று ஹீட்டர்மேலும் கணப்பு அருகிலும் தொங்கவிடாதீர்கள். அது சூட்டில் உருகும் பசை என்பதை மறந்துவிடுகிறோம்.

பட்டையே இல்லாத ஜாக்கெட் ஒன்று இருக்கிறது. நானே ஒட்டிக்கொள்ளலாமா?

துணியைப் பார்க்க வேண்டும். உள்பக்கம் வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சாக இருந்தால் சாதாரண இஸ்திரிப் பட்டை ஒட்டும். உள்பக்கத்திலும் மெல்லிய பின்னல் துணி சேர்த்து ஒட்டிய மூன்றடுக்குத் துணியானால், முதுகில் துணி வைத்த பட்டைதான் வேண்டும். அதன் பசை தடிப்பாக இருப்பதால் பின்னலின் கண்கள் வழியாக இறங்கிப் படலத்தைப் பிடிக்கும். மெல்லிய பட்டையை ஒட்டினால் பார்வைக்கு நன்றாக இருக்கும், நீர் பின்னலின் இழை வழியாக அடியில் புகுந்து வெளியே வரும்.

சிலிக்கான் பூசிய துணியில் எந்தப் பட்டையும் நிற்காது, பிளாஸ்டிக் பசையும் நிற்காது. மிக லேசான, கையில் வழுக்கும் போன்சோக்கள் அந்த வகை. அதற்குச் சிலிக்கான் பசைதான். கொஞ்சம் இளக்கி, பழைய பல்துலக்கியால் தையலின்மேல் மெல்லியதாக இழுத்து, ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் உள்பக்கத்து ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து மறுநாள் நகத்தால் தள்ளிப் பாருங்கள். தோலாக உரிந்து வந்தால் தவறான பசை.

எங்கள் ஊழியர்களுக்கு வாங்கிய ஜாக்கெட்டில் நெஞ்சில் பெயர் எம்பிராய்டரி செய்யலாமா?

வேண்டாம். ஒரு சின்ன முத்திரைக்கே ஊசி ஆயிரக்கணக்கில் குத்தும். முதல் பதிலில் முழு ஜாக்கெட்டுக்கும் சொன்ன எண்ணிக்கையை உள்ளங்கை அளவு இடத்தில் போடுவது அது. நானே பல வருடங்களுக்கு முன் ஒரு விடுதிக்கு நாற்பது ஜாக்கெட்டில் பெயர் போட்டுக் கொடுத்தேன். முதல் மழையில் நாற்பது பேருக்கும் இடது நெஞ்சில் மட்டும் ஈரம். உள்பக்கம் ஒவ்வொன்றுக்கும் பட்டைத் துணியில் சதுரம் வெட்டி என் செலவில் ஒட்டினேன். இப்போது யாராவது கேட்டால் சூட்டில் ஒட்டும் எழுத்தைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

இருநூறு ரூபாய் பிளாஸ்டிக் கோட்டு ஒழுகுவதே இல்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியது ஒழுகுகிறது. என்ன நியாயம்?

நியாயம் இருக்கிறது. அந்தக் கோட்டில் பல வகைகளுக்குத் தையலே கிடையாது. இரண்டு ஓரங்களைச் சேர்த்து வைத்து உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். ஊசி படாத இடத்தில் துளை ஏது? தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளும் இப்படித்தான், அதில் ஜிப்பும் இல்லை, தையலும் இல்லை. அதற்குக் கொடுக்கும் விலை வேர்வை. ஒரு மேடு ஏறினால் உள்ளே குளித்துவிடுவீர்கள். குளிரில் ஒட்டு விறைத்து அக்குளில் பிளக்கும். பிளந்ததைத் தைத்துத் தரும்படி என்னிடம் கொண்டுவருவார்கள். தைத்தால் அதுவும் ஒழுகத் தொடங்கும். அகல ஒட்டுநாடா போதும் என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஜிப் போய்விட்டது. புது ஜிப் போட்டால் முன்போலவே நீர் புகாமல் இருக்குமா?

முதலில் ரன்னரைப் பாருங்கள். பற்கள் வரிசையாக இருந்து, மூடிய பிறகு பின்னால் பிளந்துகொண்டே வந்தால் தேய்ந்தது ரன்னர் மட்டும்தான். அதை மாற்றப் பத்து நிமிடம், ஜாக்கெட்டில் ஊசியே படாது. பழைய ரன்னரின் பின்பக்கம் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ள ரன்னரைப் போட வேண்டும். வழவழ ஜிப்புக்கு அதற்கென்றே செய்த ரன்னர் வேண்டும், சாதாரணமானது படலத்தைச் சுரண்டிவிடும்.

முழு ஜிப்பும் மாற வேண்டுமானால் அது வேறு வேலை. தையலைப் பிரிக்கும் முன் உள்பட்டையைச் சூடுகாட்டி எடுக்க வேண்டும். இழுத்து எடுத்தால் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். புது ஜிப்பைப் பழைய துளைகளில் தைத்து, இருபக்கமும் புதுப்பட்டை ஒட்டி, மேலும் கீழும் முனைகளில் வட்டத்துண்டு வைத்து, பிறகு நாற்காலிச் சோதனை செய்ய வேண்டும். எனக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். பூச்சு உதிரத் தொடங்கிய ஜாக்கெட்டுக்கு இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மற்றவற்றுக்குச் செய்து தருகிறேன். துவைத்து, நன்றாக உலர்த்திக் கொண்டுவாருங்கள். ஈரத்துணியில் பட்டை ஒட்டாது. ஐப்பசி மழை தொடங்கிய பிறகு வந்தால் உலரவைக்கவே எனக்கு இரண்டு நாள் ஆகிவிடும்.